ஒன்பது வந்துவிட்டதா?

“ஆபரேஷன் முடிஞ்சிருச்சுன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டுப் போயி ஒரு மணி நேரம் ஆகுதுங்க மேடம். இன்னும் ஏன் வெளிய கொண்டாரல?”

மயக்க மருத்துவராக வேலை பார்க்கும் எனக்கு, தியேட்டர் கதவைத் திறக்கும்போதெல்லாம் காதில் விழும் கேள்வி இது. கேட்பவர்களின் முகத்தில் பயம் இருக்கும். ஏதோ தவறு நடந்துவிட்டது, நம்மிடம் மறைக்கிறார்கள் என்ற சந்தேகமும் இருக்கும். அவர்களை நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்ல அந்த நேரத்தில் முடிவதில்லை. அந்தப் பதிலை இங்கே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் முடிந்தவரை நேராக வார்டுக்கு அனுப்புவதில்லை. தியேட்டரை ஒட்டியே ஓர் அறை இருக்கும். ரெக்கவரி ரூம் என்போம். கட்டிலுக்குக் கட்டில் ஆக்சிஜன் குழாய், சளி உறிஞ்சும் கருவி, மானிட்டர். நோயாளிகளை விட்டு நகராத ஒரு சிஸ்டர். மயக்கம் எப்படித் தெளிகிறது என்பதை அங்கே எண்ணாக எழுதுகிறார்கள். ஐந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, இரண்டு என மதிப்பெண், மொத்தம் பத்து. ஒன்பது வந்தால் வார்டுக்கு அனுப்பலாம் என்பது பொதுவான வரம்பு.

எளிமையான கணக்குதான். ஆனால் அந்த ஒன்பதை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதில்தான் ரெக்கவரி ரூமின் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு நோயாளியைக் கொண்டு இதைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

54 வயது அம்மா. பித்தப்பையில் கல். லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பையை எடுத்தார்கள். பல வருடமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர், வழக்கமான மேல் அளவு 150. கொஞ்சம் பருமனான உடம்பு, குட்டையான கழுத்து. காலை 11.10க்கு ரெக்கவரி ரூமுக்கு வந்தார். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்.

முதல் கேள்வி, கைகால் அசைவு. “அம்மா, கையத் தூக்குங்க” என்றதும் இரண்டு கையையும் தூக்கினார். கால் அசையவில்லை. நான்கு கைகால்களும் அசைந்தால் இரண்டு மதிப்பெண். இரண்டு மட்டும் அசைந்தால் ஒன்று. எதுவும் அசையாவிட்டால் பூஜ்யம். அவருக்கு ஒன்று.

இரண்டாவது, மூச்சு. ஆழமாக மூச்சிழுத்து நன்றாக இருமினால் இரண்டு. மூச்சு மேலோட்டமாக இருந்தாலோ, திணறினாலோ ஒன்று. மூச்சே விடாவிட்டால் பூஜ்யம். இவருடைய இருமல் தொண்டையைத் தாண்டவில்லை. ஒன்று.

மூன்றாவது, ரத்த அழுத்தம். மேல் அளவு 112 இருந்தது. படிக்கிற பலருக்கு இது நல்ல பி.பி.யாகத் தோன்றும். ஆனால் இங்கே ஒப்பிட வேண்டியது ஊருக்கெல்லாம் பொதுவான 120ஐ அல்ல, இந்த அம்மாவுக்கு மயக்கம் கொடுப்பதற்கு முன்பிருந்த 150ஐ. அதிலிருந்து கூடவோ குறையவோ 20 சதவீதத்துக்குள், அதாவது 120க்கும் 180க்கும் இடையில் இருந்தால்தான் இரண்டு மதிப்பெண். 20 முதல் 50 சதவீதம் வரை விலகியிருந்தால் ஒன்று. அதற்கும் மேல் விலகினால் பூஜ்யம். 112 என்பது 25 சதவீத இறக்கம். ஒன்று.

நான்காவது, நினைவு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறார், உடனே மூடிக்கொள்கிறார். முழு விழிப்புக்கு இரண்டு, கூப்பிட்டால் விழிப்பதற்கு ஒன்று, கூப்பிட்டும் விழிக்காவிட்டால் பூஜ்யம். மறுபடி ஒன்றுதான்.

ஐந்தாவது, ரத்தத்தில் ஆக்சிஜன். விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 97 சதவீதம் காட்டியது. ஆனால் அது மாஸ்க் கொடுக்கும் ஆக்சிஜனின் தயவில். அறைக் காற்றைச் சுவாசித்தே 92க்கு மேல் நின்றால்தான் இரண்டு. ஆக்சிஜன் கொடுத்தால்தான் 90க்கு மேல் நிற்கிறது என்றால் ஒன்று. கொடுத்தும் 90க்குக் கீழே என்றால் பூஜ்யம். மாஸ்க்கை இன்னும் எடுத்துப் பார்க்காததால் இங்கேயும் ஒன்று எழுதினார் சிஸ்டர்.

மொத்தம் ஐந்து. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அறுவை மருத்துவர் வெளியே சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில், உள்ளே அந்த அம்மா பத்துக்கு ஐந்தில் இருந்தார். இரண்டும் உண்மை.

இந்த அட்டவணைக்கு ஆல்ட்ரெட் ஸ்கோர் என்று பெயர். அமெரிக்காவில் பணியாற்றிய மயக்க மருத்துவர் ஆல்ட்ரெட், டயேன் க்ரூலிக் என்பவருடன் சேர்ந்து 1970ல் வெளியிட்டது. பிறந்த குழந்தை எப்படி இருக்கிறது என்பதை ஐந்து கேள்வியில், பத்து மதிப்பெண்ணில் அளக்கும் அப்கார் ஸ்கோரைப் பிரசவ வார்டு பக்கம் போனவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதை 1953ல் வெளியிட்ட வர்ஜீனியா அப்காரும் மயக்க மருத்துவர்தான். ஆல்ட்ரெட் அந்த அச்சிலேயே மயக்கத்திலிருந்து எழுகிறவருக்கும் ஓர் அட்டவணையை வார்த்தார்.

1970ல் ஐந்தாவது கேள்வி ஆக்சிஜன் அளவு அல்ல, நிறம். தோல் இளஞ்சிவப்பாக இருந்தால் இரண்டு, வெளிறியோ மங்கியோ இருந்தால் ஒன்று, நீலம் பாரித்தால் பூஜ்யம். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி அன்றைக்குக் கிடையாது. இந்தக் கேள்வியை நம் ஊர் ரெக்கவரி ரூமில் கேட்டுப் பாருங்கள். கருத்த தோலில் நீலம் எங்கே தெரியும்? உதட்டின் உள்பக்கத்தையும் நாக்கையும் டார்ச் அடித்துத் தேட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் ரத்தசோகை. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் ஒரு குறிப்பிட்ட அளவு சேர்ந்தால்தான் நீலம் கண்ணுக்குப் புலப்படும். ஹீமோகுளோபினே ஆறு கிராம்தான் என்று வரும் பெண்களுக்கு நாங்கள் மயக்கம் கொடுத்திருக்கிறோம். அப்படிப்பட்டவர், நீலம் தெரிவதற்குள் உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போய்விடுவார்.

1995ல் ஆல்ட்ரெட்டே நிறத்தை எடுத்துவிட்டு ஆக்சிமீட்டர் அளவைச் சேர்த்தார். நமக்கு இது மிகப் பெரிய நன்மை. ஆனால் கருவியும் கண்ணைப் போலவே ஏமாறும். விரல் குளிர்ந்திருந்தால், உடம்பு நடுங்கினால், அடர்த்தியான நகப்பூச்சு இருந்தால் தவறான எண் வரும். அமெரிக்க நோயாளிகளிடம் செய்து 2020ல் வெளியான ஆய்வில், கருவி நல்ல எண் காட்டும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. தோலின் நிறமி கருவியின் ஒளியைக் குழப்புகிறது. அதனால், கருத்த தோலுள்ள ஒருவருக்கு 92, 93 என்று விளிம்பில் எண் நிற்கும்போது நான் இரண்டு மதிப்பெண் போட அவசரப்படுவதில்லை.

அந்த அம்மாவிடம் திரும்புவோம். 11.25க்கு நான்கு கைகால்களையும் அசைத்தார். பி.பி. 128. மொத்தம் ஏழு.

கைகால் அசைவைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. லேப்ராஸ்கோப்பி செய்யும்போது வயிற்றுத் தசை இறுகியிருக்கக் கூடாது என்பதற்காகத் தசையைத் தளர்த்தும் மருந்து கொடுக்கிறோம். முடியும்போது அதை முறிக்கும் மருந்தும் கொடுக்கிறோம். ஆனாலும் கொஞ்சம் மிச்சம் தங்கிவிடலாம். அப்படித் தங்கினால் நோயாளி கையை அசைப்பார், ஆனால் தரையில் போட்ட மீனைப் போலத் துள்ளித் துள்ளி அசைப்பார். தலையைத் தலையணையிலிருந்து தூக்கி ஐந்து விநாடி நிறுத்தச் சொல்லிப் பார்ப்பது பழைய வழக்கம். அதிலே தேறியவர்களிடமும் தொண்டைத் தசை பலவீனமாக இருந்து எச்சில் புரையேறுவதுண்டு. சந்தேகம் இருந்தால் மணிக்கட்டு நரம்பில் நான்கு சிறு மின்துடிப்புகள் கொடுத்துப் பெருவிரலைப் பார்க்க வேண்டும். நான்காவது துடிப்புக்கு விரல் காட்டும் பலம், முதல் துடிப்புக்குக் காட்டியதில் பத்தில் ஒன்பது பங்காவது இருக்க வேண்டும். எத்தனை கைகால் அசைகிறது என்றுதான் அட்டவணை கேட்கிறது. எவ்வளவு பலமாக என்று கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியவர் கட்டிலருகே நிற்பவர்.

11.40க்கு அந்த அம்மா முழுதாக விழித்துவிட்டார். எட்டு. ஆனால் வலி. “வகுறு குத்துது தாயி” என்று முனகினார். பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு எட்டு என்றார். வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சிழுக்கவில்லை, இருமவில்லை. அதனால்தான் மூச்சுக்கு இன்னும் ஒன்றே. நரம்பு ஊசியில் மார்பின் 2 மில்லிகிராம் கொடுத்தோம். பத்து நிமிடம் கழித்து இன்னொரு 2 மில்லிகிராம்.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு முகம் தெளிந்திருந்தது. ஆழமாக மூச்சிழுத்தார், நன்றாக இருமினார். அசைவு இரண்டு, மூச்சு இரண்டு, பி.பி. இரண்டு, நினைவு இரண்டு. மாஸ்க் இருந்ததால் ஆக்சிஜனுக்கு மட்டும் ஒன்று.

“மேடம், ஒன்பது வந்துருச்சு. வார்டுக்குச் சொல்லிரவா?”

சிஸ்டர் கேட்டதில் எந்தத் தவறும் இல்லை. கணக்கு சரி. அடுத்த தியேட்டரில் குடல்வால் ஆபரேஷன் முடியப்போகிறது, கட்டில் வேண்டும். வெளியே அவருடைய கணவர் மூன்றாவது முறை கதவைத் தட்டிவிட்டார். அட்டவணைப்படி அந்த நிமிடம் அனுப்பலாம். வேண்டாம் என்றேன். காரணம் இரண்டு.

ஒன்று, மார்பின். நரம்பில் ஏற்றியதும் அது மூளைக்குள் மெதுவாகத்தான் நுழையும். முழு வீரியத்தையும் காட்ட 15, 20 நிமிடம் ஆகும். கடைசி ஊசி போட்டது 11.50க்கு. ஆக, பன்னிரண்டு மணிக்கு நாங்கள் பார்த்தது உச்சியை அல்ல, ஏறுகிற வழியை. அதோடு, வலி என்பது ஒரு விழிப்பு மருந்து. எட்டுக்கு வலித்தபோது அந்த வலியே அவரை எழுப்பி வைத்திருந்தது, மூச்சையும் தூண்டிக்கொண்டிருந்தது. வலி போனதும் அந்தத் தூண்டுதல் போய்விடும், மருந்து மட்டும் மிச்சம் இருக்கும்.

இன்னொன்று, குறைந்த அந்த ஒரு மதிப்பெண் எந்தக் கேள்வியில் குறைகிறது என்பது. ஒன்பது வாங்கியவருக்கு ஒரே ஒரு புள்ளிதான் குறைந்திருக்கும். அதனால் எந்தக் கேள்வியிலும் பூஜ்யம் ஒளிந்திருக்க முடியாது. ஒன்பதை வரம்பாக வைத்ததன் நன்மை அது. எட்டே போதும் என்று வைத்துக்கொண்டால் ஒரு முழு பூஜ்யம் உள்ளே புகுந்துவிடும். ஆனால் அந்த ஒரு புள்ளி பி.பி.யில் குறைவதும் ஆக்சிஜனில் குறைவதும் ஒன்றல்ல. ஆக்சிஜனில் குறைந்தால், இவர் தன் சொந்த மூச்சில் எப்படி இருக்கிறார் என்பது நமக்கு இன்னும் தெரியாது என்று அர்த்தம்.

12.10க்கு அவர் தூங்கிவிட்டார். மெல்லிய குறட்டை. மானிட்டரில் 97 சதவீதம். எட்டி நின்று பார்த்தால் வலியில்லாமல் நிம்மதியாகத் தூங்கும் நோயாளி. சிஸ்டர் நெஞ்சின் மேல் கை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினார். எட்டு மூச்சு. பன்னிரண்டுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். குறட்டை நிற்கும் சில விநாடிகளில் நெஞ்சு எழும்பியது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை.

நான் பக்கத்தில் நின்றுகொண்டே மாஸ்க்கை விலக்கினேன். 96. 94. 91. மூன்று நிமிடத்துக்குள் 88.

மாஸ்க் ஏன் அந்த இறக்கத்தை மறைத்தது? நுரையீரலின் கடைசி அறைகளில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. மூச்சு குறைந்தால் கரியமில வாயு வெளியேறாமல் தேங்கும். அது தேங்கத் தேங்க ஆக்சிஜனுக்கு இடம் குறையும். சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவருக்குக் கரியமில வாயு வழக்கத்தைவிட இரண்டு மடங்கானால் ஆக்சிஜன் அளவு 80களுக்கு இறங்கிவிடும், மானிட்டர் அலறும். அதே ஆளுக்கு, காற்றில் 21 சதவீதமாக இருக்கும் ஆக்சிஜனை மாஸ்க் மூலம் 30 சதவீதமாக உயர்த்தினாலே போதும், மானிட்டர் 97, 98 என்று காட்டும். உள்ளே கரியமில வாயு அப்படியேதான் தேங்கிக்கொண்டிருக்கும். அதுவும் மயக்கம் தரும் வாயுதான். கூடக்கூடத் தூக்கம் ஆழமாகும், மூச்சு இன்னும் குறையும். மாஸ்க் போட்டவரின் மூச்சை எண்ணாமல் மானிட்டரை மட்டும் பார்ப்பது இதனால்தான் ஆபத்து.

மாஸ்க்கைத் திரும்பப் போட்டோம். கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினோம். தோளைத் தட்டி, “அம்மா, பெரிய மூச்சு இழுங்க... இன்னொண்ணு” என்று சிஸ்டர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். மதிப்பெண்ணை மறுபடி போட்டோம். மூச்சு ஒன்று, நினைவு ஒன்று, ஆக்சிஜன் ஒன்று. மொத்தம் ஏழு. பத்து நிமிடத்துக்கு முன்னால் ஒன்பதாக இருந்த அதே மனுஷி. ஒருவேளை பன்னிரண்டு மணிக்கே அனுப்பியிருந்தால், இந்தப் பத்து நிமிடமும் லிஃப்ட்டிலும் வராந்தாவிலும் போயிருக்கும். ஸ்ட்ரெச்சரைத் தள்ளுகிறவர் காலடியில் நடப்பார். முகத்தைப் பார்க்க மாட்டார்.

மார்பினின் வேலையை முறிக்க நலாக்சோன் என்ற ஊசி இருக்கிறது. அவரைக் கூப்பிட்டு எழுப்ப முடிந்ததால் எங்களுக்கு அது தேவைப்படவில்லை. போட்டிருந்தாலும் சீக்கிரம் அனுப்பியிருக்க மாட்டோம், இன்னும் அதிக நேரம் வைத்திருப்போம். ஏனென்றால் நலாக்சோனின் வேலை அரை மணி, முக்கால் மணியில் அடங்கிவிடும். மார்பின் அதற்குப் பிறகும் உடம்பில் இருக்கும்.

நான் வெளியே போய் அவருடைய கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“அய்யா, வீட்ல அம்மா குறட்டை விடுவாங்களா?”

“அதையேன் கேக்குறீங்க மேடம். பக்கத்து வீடு வரைக்கும் கேக்கும். நடுவுல பொசுக்குனு நின்னுரும். செத்த நேரம் கழிச்சுத் தூக்கிப் போட்ட மாதிரி இழுப்பா. நானே பயந்து எழுப்பிவிடுவேன்.”

ஆபரேஷனுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கேஸ் ஷீட்டில் குறட்டை என்று எழுதியிருந்தது; நடுவில் மூச்சு நிற்பதைப் பற்றி எதுவும் இல்லை. நோயாளியிடம் மட்டும் கேட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? தூங்குகிறவர் அவர்தானே. பக்கத்தில் படுப்பவரிடம் கேட்க வேண்டும். நாங்கள் கேட்கத் தவறியதை ரெக்கவரி ரூமின் ஒரு மணி நேரம் பிடித்துக் கொடுத்தது.

12.45க்கு அறைக் காற்றிலேயே 95 சதவீதம். மூச்சு நிமிடத்துக்கு 14. பத்துக்குப் பத்து. அப்போதும் அரை மணி நேரம் வைத்திருந்தோம், யாரும் தொந்தரவு செய்யாமல் கண்ணசந்தால் என்ன ஆகிறது என்று பார்க்க. கண்ணசந்தார், 93க்குக் கீழே போகவில்லை. 1.20க்கு அனுப்பினோம். தலைமாட்டை உயர்த்தி வைக்க வேண்டும், இரவு முழுவதும் ஆக்சிமீட்டர் விரலில் இருக்க வேண்டும், வலிக்கு பாராசிட்டமால் முதலில், மயக்கும் வலிமருந்து கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று வார்டு சிஸ்டருக்கு எழுதிக் கொடுத்தேன். கணவரிடமும் சொன்னேன்: “குறட்டை நின்னுட்டா தோளைத் தட்டுங்க. எழுந்திருக்கலைன்னா உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்க.” நமக்குப் பழக்கமான வேலைதானே என்பது போலத் தலையாட்டினார்.

அட்டவணை கேட்காத கேள்விகள் இன்னும் இருக்கின்றன. வலி இல்லை, வாந்தி இல்லை, ரத்தக்கசிவு இல்லை, நாடித்துடிப்பு கூட இல்லை. 1999ல் அமெரிக்காவில் வொயிட், சாங் என்ற இரு மருத்துவர்கள் வலியையும் வாந்தியையும் சேர்த்து 14 மதிப்பெண் கொண்ட அட்டவணை ஒன்றைக் கொடுத்தார்கள். 12 வாங்க வேண்டும், எதிலும் பூஜ்யம் இருக்கக் கூடாது. நல்ல திருத்தம். ஆனால் ரத்தக்கசிவும் நாடியும் அதிலும் இல்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் ஒன்பது வயதுப் பையன். டான்சில் ஆபரேஷன். ரெக்கவரி ரூமில் பத்துக்குப் பத்து. அம்மாவை உள்ளே விட்டிருந்தோம். அவள் மடியில் கை வைத்தபடி ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். பி.பி. மாறவில்லை, ஆக்சிஜன் 98. நாடி மட்டும் 96ல் இருந்து 118 ஆகியிருந்தது. அழுதிருப்பான், வலிக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், தூக்கத்துல முழுங்கிக்கிட்டே இருக்கான்.”

டார்ச் அடித்துப் பார்த்தோம். தொண்டையின் பின்சுவரில் ஒரு மெல்லிய சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. கசிந்த ரத்தம் முழுவதையும் தூக்கத்திலேயே விழுங்கியிருக்கிறான். தலையணையில் ஒரு சொட்டு இல்லை. நாடி 134 ஆனது, பி.பி. அப்போதும் அசையவில்லை. குழந்தைகளின் ரத்தக்குழாய்கள் இறுக்கிப் பிடித்து பி.பி.யைக் கடைசி வரை தாங்கிக் காட்டும். பிறகு ஒரேயடியாக விட்டுவிடும். பெரியவர்களிலும் இளம் வயதுக்காரர் ஒருவர் ஒரு லிட்டர் ரத்தம் இழந்த பிறகும் படுத்த நிலையில் மேல் அளவு இறங்காமல் இருக்கலாம். முதலில் ஏறுவது நாடி. பையனை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய்க் கசிந்த இடத்தை அடைத்தார்கள். அன்றைய கேஸ் ஷீட்டில் அவனுடைய மதிப்பெண் கடைசி வரை பத்துதான். அன்றிலிருந்து, மதிப்பெண் எதுவானாலும் நாடி ஏறிக்கொண்டே போனால் கட்டுப் போட்ட இடத்தையும், டிரெயின் பையையும், டான்சில் என்றால் தொண்டையையும் பார்க்காமல் யாரையும் நான் அனுப்புவதில்லை.

இதுவரை சொன்னது வார்டுக்குப் போகும் வாசல். காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகும் ஆபரேஷன்கள் இப்போது பெருகிவிட்டன. அவர்களுக்கு இரண்டாவது வாசல் ஒன்று உண்டு. வீட்டில் மானிட்டரும் சிஸ்டரும் இல்லாததால் அங்கே கேள்விகள் வேறு. கனடாவின் டொராண்டோவில் பிரான்சிஸ் சுங் என்ற மயக்க மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995ல் வெளியிட்ட அட்டவணையைப் பல இடங்களில் பயன்படுத்துகிறார்கள். அதுவும் ஐந்து கேள்வி, பத்து மதிப்பெண், ஒன்பது வரம்பு. பி.பி.யும் நாடியும் பழைய அளவுக்கு வந்துவிட்டதா, தலைசுற்றாமல் நடக்கிறாரா, குமட்டலும் வாந்தியும் எவ்வளவு, வாய்வழி மாத்திரையில் வலி தாங்குகிறதா, ஆபரேஷன் செய்த இடத்தில் கசிவு எவ்வளவு. முன்பெல்லாம் எதையாவது குடித்து, சிறுநீரும் கழித்தால்தான் அனுப்புவோம். எல்லாருக்கும் அது கட்டாயமில்லை என்று இப்போது ஆகிவிட்டது. கட்டாயப்படுத்திக் காபி கொடுத்தால் வாந்திதான் மிச்சம். முதுகில் ஊசி போட்டவர்களுக்கும், குடலிறக்கம், மூலம் போன்ற ஆபரேஷன் செய்தவர்களுக்கும் மட்டும் சிறுநீர் போகிறதா என்று பார்க்கிறோம். அவர்களுக்கு அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

எந்த அட்டவணையும் மதிப்பெண் போடாத, ஆனால் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு நிபந்தனை உண்டு. கூட அழைத்துப் போகப் பொறுப்பான ஒரு பெரியவர் வேண்டும். 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. பேச்சு தெளிவாக இருக்கும், நடை சரியாக இருக்கும். சட்டென்று பிரேக் பிடிக்க வேண்டிய இடத்தில்தான் மருந்தின் மிச்சம் தெரியும்.

ஒரு முறை கையில் கட்டி எடுக்க வந்த 26 வயது இளைஞர், மாலை நான்கு மணிக்குப் பத்துக்குப் பத்து வாங்கி நின்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, சிநேகிதன் கீழே நிற்கிறான் என்றார். சிஸ்டர் போய்ப் பார்த்தார். கீழே அவருடைய பைக் மட்டும் நின்றது. தங்கியிருக்கும் மேன்ஷனுக்கு நாற்பது கிலோமீட்டர். வாடகைக்கு எடுத்த அறை, தனி ஆள். அவருக்குக் கோபம் வந்தது. “எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், நீங்களே பத்துன்னு சொல்றீங்க” என்றார். சாவியை வாங்கி மேஜை டிராயரில் வைத்துவிட்டு, வார்டில் ஒரு கட்டில் போடச் சொன்னேன். ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு அசந்து தூங்கினார். காலையில் அவருடைய அண்ணன் ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தார். சாவியை அவர் கையில் கொடுத்தோம்.